பிடியை விடவும் காசு வேண்டும்

தாத்தா இறந்தது விடிகாலை நாலு மணிக்கு. மூச்சு நின்றது உறுதியானதும் சின்ன ஆச்சி அழுகையை விழுங்கிக்கொண்டு வேலையில் இறங்கினாள். "ஏல, பழைய வேட்டியில ரெண்டு துண்டு கிழிச்சுக் கொண்டா. நாடியக் கட்டணும். நேரமாச்சுன்னா வாய் கூடாது" என்றாள். ஒரு துண்டு தாடையைத் தாங்கிப் போய் உச்சந்தலையில் முடிச்சானது. இன்னொன்று கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியது. கண்ணிமைகளைத் தடவி மூடினாள். அப்போது தாத்தாவின் கை, தூக்கினால் தொப்பென்று விழும் அளவுக்குத் துவண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வெளியூரிலிருந்து வந்த மாமா அதே கையைப் பிடித்தபோது முழங்கை மடங்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. உயிர் போனால் உடம்பு தளர்ந்துதானே கிடக்க வேண்டும், சக்தியே இல்லாத தசை எப்படி இறுகும் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு உடலியல் படிக்கப் போன இடத்தில்தான் பதில் கிடைத்தது. என் கேள்வியே தலைகீழாக இருந்திருக்கிறது. தசை இறுகுவதற்குச் சக்தி வேண்டும் என்று நான் நினைத்தேன். உண்மையில், இறுகிய பிடியை விடுவதற்குத்தான் அதற்குச் சக்தி வேண்டும்.

ராட்டினம் இல்லாத கிணற்றில் கையாலேயே வாளியை இழுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கை கயிற்றைப் பிடித்துக் கீழே இழுக்கும். அடுத்த இழுப்புக்கு அந்தக் கை கயிற்றை விட்டாக வேண்டும். விட்டு, மேலே நீண்டு, மறுபடி பிடிக்க வேண்டும். தசைக்குள் நடப்பது இதேதான். ஆக்டின் என்ற மெல்லிய புரத இழைகள் கயிறு. அவற்றுக்கு இடையில் கிடக்கும் தடித்த இழைகள் மயோசின் என்ற புரதத்தால் ஆனவை. ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கைபோல் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். தலை ஆக்டினைப் பற்றும், மடங்கும், கயிறு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு தூரம் நகரும். கோடிக்கணக்கான கைகள் இப்படி முறைவைத்து இழுத்தால் நாம் ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறோம்.

இழுத்து முடித்த மயோசின் தலை தானாக விடாது. ஏடிபி என்ற சின்ன மூலக்கூறு ஒன்று வந்து அதில் ஒட்டினால்தான் பிடி தளரும். விட்ட பிறகு அந்த ஏடிபி உடைகிறது. அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு தலை மறுபடி நிமிர்ந்து, அடுத்த இழுப்புக்கு ஆயத்தமாக நிற்கிறது. காசு கைக்கு வந்தால்தான் கயிற்றை விடுவேன் என்று நிற்கும் கூலியாள் மாதிரி.

ஏடிபிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சும்மா இருக்கும் தசையில் ஆக்டின் மேல் ஒரு மூடி கிடக்கும், மயோசினால் பற்ற முடியாது. நரம்பு கட்டளை அனுப்பியதும் தசைச் செல்லுக்குள் இருக்கும் பைகளிலிருந்து கால்சியம் வெளியே பாய்ந்து அந்த மூடியை விலக்குகிறது. வேலை முடிந்ததும் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இறைக்க வேண்டும். இறைக்கும் பம்புகளும் ஏடிபியில்தான் ஓடுகின்றன. ஆகவே தசை தளர்வதற்கு இரண்டு இடத்தில் காசு கட்ட வேண்டியிருக்கிறது. கால்சியத்தை உள்ளே அனுப்ப ஒன்று, பிடியை விட ஒன்று.

இவ்வளவு முக்கியமான ஏடிபியைத் தசை சேமித்து வைப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை. முழு வேகத்தில் ஓடினால் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அதனால் செலவான ஏடிபியை அந்தந்தக் கணமே திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்குத் தசையிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒருவர் 400 மீட்டர் ஓட்டத்துக்கு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

துப்பாக்கி வெடித்த கணத்தில் கைகொடுப்பது கிரியேட்டின் பாஸ்பேட். இது ஆச்சிகளின் இடுப்புச் சுருக்குப்பை மாதிரி, எட்டும் தூரத்தில் இருக்கும் பணம். ஏடிபி உடைந்து ஏடிபியாக இல்லாமல் போனதும், கிரியேட்டின் பாஸ்பேட் தன்னிடமுள்ள பாஸ்பேட்டை ஒரே எட்டில் அதற்குக் கொடுத்து மறுபடி ஏடிபி ஆக்கிவிடுகிறது. ஆக்ஸிஜன் தேவையில்லை, நீண்ட வேதிவினைத் தொடர் ஏதும் இல்லை. ஏடிபியைப் போல மூன்று நான்கு மடங்கு இருப்பு உண்டு. ஆனாலும் முழு மூச்சில் ஓடினால் பத்து விநாடிக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இரண்டாவது வழி கிளைகாலிசிஸ், அதாவது சர்க்கரைச் சிதைவு. தசைக்குள் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளாகச் சர்க்கரை சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாதி வரை மட்டும் உடைத்தால் ஒரு சர்க்கரை அலகுக்கு மூன்று ஏடிபி கிடைக்கும். (ரத்தத்திலிருந்து வரும் குளுக்கோஸ் என்றால் இரண்டுதான். உள்ளே நுழைந்ததுமே அதற்கு ஒரு ஏடிபி கூடுதலாகச் செலவாகிறது.) விளைச்சல் குறைவு, ஆனால் வேகம் அதிகம், இதற்கும் ஆக்ஸிஜன் வேண்டாம். மிஞ்சுவது லாக்டேட், கூடவே தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. 400 மீட்டரின் கடைசி வளைவில் தொடை ஈயம்போல் கனக்கிறது என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இந்த வழி முழுவீச்சில் ஓடிய பிறகுதான்.

மூன்றாவது வழியில்தான் ஆக்ஸிஜன் வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அதே சர்க்கரையை முழுவதும் எரித்தால் 30க்கும் மேல் ஏடிபி கிடைக்கும். கொழுப்பையும் எரிக்கலாம். மணிக்கணக்கில் நடக்க, வயலில் குனிந்து நாற்று நட, தூங்கும்போது மூச்சு விட எல்லாம் இதுதான். குறை ஒன்றே: மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். நுரையீரலும் இதயமும் ரத்தமும் சேர்ந்து ஆக்ஸிஜனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமே. இருந்தாலும் பலர் நினைப்பதைவிட இது சீக்கிரமே கைகொடுக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிகிற 400 மீட்டரில்கூட மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 40 சதவீதம் ஆக்ஸிஜன் வழியில் வருவதாக ஓட்டக்காரர்களை அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். முதலில் ஒன்று தீர்ந்து, பிறகு அடுத்தது தொடங்கும் என்று பள்ளிப் புத்தகங்கள் படம் போடுவது முழு உண்மை இல்லை. மூன்றும் முதல் விநாடியிலேயே கிளம்பிவிடுகின்றன, பங்குதான் மாறிக்கொண்டே போகிறது.

ஓட்டம் முடிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது சுருக்குப்பை நிரம்புகிறது. அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி, நாலைந்து நிமிடத்தில் பெரும்பாலும் முழுவதும். அதை நிரப்புவது ஆக்ஸிஜன் வழி மட்டுமே. ஓடி முடித்த கையோடு காலின் ரத்த ஓட்டத்தை இறுகக் கட்டி நிறுத்திவிட்டால் கிரியேட்டின் பாஸ்பேட் திரும்ப ஏறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாவின்போது இதுதான் நடக்கிறது.

இந்தச் சுருக்குப்பையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, ஹார்வர்டுக்குப் போனார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பேட்டை நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். தசைச் சாற்றை அளந்தபோது ஒரு தொந்தரவு. நிறம் உடனே வந்து நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. வேறொருவர் முறையில் கோளாறு என்று விட்டிருப்பார். இவர்கள், தசையில் தளர்வாக ஒட்டியிருக்கும் பாஸ்பேட் ஒன்று அமிலத்தில் சிறிது சிறிதாகக் கழன்று வருகிறது என்று பிடித்துவிட்டார்கள். 1927இல் அது கிரியேட்டின் பாஸ்பேட் என்று வெளிவந்தது. தசையைத் தூண்டினால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் ஏறுகிறது என்பதையும் காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஏடிபியையும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள். அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டறிந்திருந்தார்.

ஆனால் அந்தக் காலத்தில் தசையின் ராஜா லாக்டிக் அமிலம்தான். தசை சுருங்குவதே அந்த அமிலத்தால் என்று நம்பப்பட்டது. சாவுக்குப் பின் வரும் விறைப்புக்கும் அமிலமே காரணம் என்று பலர் சொன்னார்கள். அதற்கு முன்னால் வில்லி கூனே என்ற ஜெர்மானியர், பால் உறைவதுபோல் தசைச் சாறு உறைகிறது, அதுதான் விறைப்பு என்று கருதினார். அப்படி உறைந்த பொருளுக்கு 1864இல் அவர் வைத்த பெயர்தான் மயோசின். விளக்கம் தவறிப்போய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த ராஜாவைக் கீழே இறக்கியவர் கோபன்ஹேகனில் இருந்த ஐனர் லுண்ட்ஸ்கார்ட். அவர் தேடியது வேறு ஏதோ. அயோடின் சேர்ந்த சில பொருள்களை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றான அயோடோ அசிட்டிக் அமிலம் கொடுத்த விலங்குகள் செத்ததும், காத்திருக்க வேண்டியே இல்லாமல் விறைத்துப்போயின. தசையை எடுத்து அளந்தால் லாக்டிக் அமிலம் உண்டாகவே இல்லை. அந்த நஞ்சு சர்க்கரைச் சிதைவைப் பாதியில் அடைத்துவிடுகிறது. அப்படியென்றால் அமிலம் இல்லாமலே விறைப்பு வருகிறது.

பிறகு தவளைத் தசையில் அதே நஞ்சை வைத்துப் பார்த்தார். ஆக்ஸிஜனும் இல்லை, சர்க்கரைச் சிதைவும் இல்லை. ஆனாலும் தூண்டியபோது தசை கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்ததும் தசை நின்றது. துவண்டு நிற்கவில்லை, சுருங்கிய நிலையிலேயே கட்டையாக நின்றது. 1930இல் இது அச்சில் வந்தது. லாக்டிக் அமிலக் கொள்கையை நம்பியிருந்தவரும் மெயர்ஹோஃபுடன் நோபல் பரிசு பெற்றவருமான ஏ.வி. ஹில், தன் பழைய கருத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1932இல் 'தசை உடலியலில் புரட்சி' என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். என் கணக்கில் அது அவர் வாங்கிய பரிசுக்குச் சமமான காரியம்.

மீதிப் புதிரை மற்றவர்கள் சேர்த்தார்கள். மயோசினே ஏடிபியை உடைக்கிறது என்று 1939இல் சோவியத்தில் எங்கல்கார்ட்டும் லியூபிமோவாவும் கண்டார்கள். போர்க்காலத்தில் ஹங்கேரியின் செகெட் நகரில் செண்ட்-கியோர்கியின் ஆய்வகம், ஏடிபி குறையக் குறைய விறைப்பு ஏறுகிறது என்று காட்டியது.

இப்போது தாத்தாவின் கைக்கு வருவோம். நாலு மணிக்கு இதயம் நின்றது. மனிதர் போய்விட்டார், ஆனால் தசைச் செல்கள் அந்த நிமிடத்தில் சாகவில்லை. நரம்பின் கட்டளை ஏதும் இல்லாததால் அவை தளர்ந்து கிடக்கின்றன. தளர்ந்து கிடந்தாலும் செலவு நிற்பதில்லை. பைகளிலிருந்து கசியும் கால்சியத்தைத் திரும்ப இறைக்க வேண்டும், சோடியத்தை வெளியே தள்ள வேண்டும். மூன்று வழிகளில் முதலில் அடைபடுவது ஆக்ஸிஜன் வழி. ரத்தம் நின்ற சற்று நேரத்துக்குள் அதன் கதை முடிந்தது.

அடுத்து சுருக்குப்பை காலியாகிறது. இந்த நேரத்தில் தசையை அளந்தால் ஏடிபி பெரிதாகக் குறைந்திருக்காது, கிரியேட்டின் பாஸ்பேட்தான் சரிந்துகொண்டிருக்கும். நிரப்ப ஆக்ஸிஜன் இல்லை. கால் கட்டப்பட்ட ஓட்டக்காரரின் நிலைதான், அவிழ்க்க ஆள் இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

பிறகு மிச்சமிருப்பது கிளைகாலிசிஸ் ஒன்றே. அது கிளைகோஜனை உடைத்து உடைத்து ஏடிபியைத் தாங்கிப் பிடிக்கிறது. லாக்டேட்டைக் கழுவிச் செல்ல ரத்தம் இல்லாததால் அமிலம் தங்குகிறது. உயிருள்ள தசையில் 7ஐச் சுற்றியிருந்த பிஎச் அளவு 5.5 வரை இறங்குகிறது. ஒன்று கிளைகோஜன் தீரும், அல்லது அமிலம் ஏறி நொதிகள் முடங்கும். இரண்டில் எது முதலில் வந்தாலும் கடைசி வழி மூடிவிட்டது. அதன்பிறகுதான் ஏடிபி விழுகிறது. கால்சியம் பம்புகள் நிற்கின்றன, கால்சியம் வெளியில் தங்குகிறது, ஆக்டின் மேலிருந்த மூடி விலகுகிறது, நிமிர்ந்து நின்ற மயோசின் தலைகள் கயிற்றைப் பற்றுகின்றன. விடச் சொல்லிக் கொடுக்கக் காசு இல்லை. பற்றிய கை பற்றியபடியே நின்றுவிடுகிறது. அதனால்தான் விறைப்பு கையை எங்கும் தூக்கிக்கொண்டு போவதில்லை. எந்த நிலையில் கிடந்ததோ அந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது.

இதிலிருந்து சின்ன ஆச்சியின் அவசரம் விளங்கும். எல்லாத் தசைகளிலும் இந்தக் கரைவு ஒரே நேரத்தில்தான் தொடங்குகிறது. இமை, தாடை போன்ற சிறிய தசைகளில் அது முதலில் வெளித்தெரிகிறது. பிறகு கழுத்து, உடல், கைகால்கள். மேலிருந்து கீழாக வரும் இந்த வரிசையை 1811இல் பிரெஞ்சு மருத்துவர் நிஸ்டென் எழுதி வைத்தார். நம் ஊர் வெப்பத்தில் ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே தாடையில் தெரிய ஆரம்பித்துவிடும். குளிர் நாடுகளில் அதற்கு இரட்டிப்பு நேரம் ஆகலாம். தாடை தொங்கியபடி பூட்டிக்கொண்டால் பிறகு கட்டி என்ன பயன்?

இறந்த நேரத்தைக் கணிக்கப் பிரேதப் பரிசோதனை மருத்துவர்கள் விறைப்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு மணி நேரத்தைச் சொல்லிவிட முடியாது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். கணக்கு கடிகாரத்தில் இல்லை, கையிருப்பில் இருக்கிறது. கடுமையாக ஓடிக் களைத்தவர், வலிப்பு வந்து இறந்தவர், கொதிக்கும் காய்ச்சலில் போனவர், இவர்களின் கிளைகோஜனும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் சாவதற்கு முன்பே கரைந்திருக்கும். அவர்களுக்கு விறைப்பு சீக்கிரம் வரும். கேம்பிரிட்ஜில் பேட்-ஸ்மித்தும் பெண்டாலும் 1940களில் முயல்களை வைத்து இதை அளந்து காட்டினார்கள். சேமிப்போடு அமைதியாக இறந்த முயலின் தசை மணிக்கணக்கில் நெகிழ்ந்திருந்தது. சேமிப்பு தீர்ந்து இறந்ததில் அமிலம் அதிகம் ஏறாமலே தசை பூட்டிக்கொண்டது. குளிர் இந்த வேதிவினைகளையெல்லாம் மெதுவாக்கும். ஃப்ரீசர் பெட்டியில் வைத்த உடல் நெடுநேரம் விறைத்தே இருப்பது அதனால்தான்.

தொட்டுப் பார்ப்பவருக்கு இன்னொரு தடயமும் கிடைக்கும். நன்றாக விறைத்த ஒரு மூட்டைப் பலம் போட்டு மடக்கினால் பூட்டு உடைந்துவிடும், திரும்ப வராது. உடம்பெல்லாம் கட்டையாக இருக்க, ஒரு தோள்மூட்டு மட்டும் தளர்ந்திருந்தால், யாரோ அந்தக் கையை இழுத்திருக்கிறார்கள் என்று அவர் யோசிக்கத் தொடங்குவார்.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் இதன் சின்ன வடிவமா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. அங்கே நரம்பு விடாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது, ஏடிபி போதிய அளவு இருக்கிறது. உயிருள்ள தசை எவ்வளவு களைத்தாலும் ஏடிபி அடிமட்டத்துக்குப் போக விடுவதில்லை. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நம்மை உட்கார வைத்துவிடும். 400 மீட்டரின் கடைசியில் கால் எழாமல் தடுமாறுவதை ஓட்டக்காரர்கள் தோல்வி என்பார்கள். தசையைக் கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லும்.

ஆட்டுக்கறிக்கும் இதே விதிதான். 1960களில் நியூசிலாந்தில் ஏற்றுமதி ஆட்டிறைச்சி ரப்பராகிப்போன வழக்கு ஒன்று உண்டு. அறுத்த கையோடு, தசையில் ஏடிபி இன்னும் மிஞ்சியிருக்கும்போதே, கடுங்குளிரில் வைத்தார்கள். குளிரில் கால்சியம் பம்பு தளர்ந்து கால்சியம் கசிந்தது. காசு இருந்ததால் மயோசின் இழுத்துக்கொண்டே போனது, முழுவதும் சுருங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது. லாக்கரும் ஹேக்யார்டும் 1963இல் இதைத் தசைத் துண்டுகளில் காட்டிய பிறகு, விறைப்பு வந்த பிறகே குளிரூட்டுவது என்று தொழில்முறையே மாறியது.

தாத்தாவை அன்று மாலையே எடுத்துவிட்டோம். வைத்திருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ கைகால்கள் திரும்பத் தளர்ந்திருக்கும். கோடையில் சீக்கிரம், மார்கழியில் தாமதமாக. அப்படித் தளரும்போதும் மயோசின் தன் பிடியை விடுவதில்லை. தசைச் செல்லுக்குள் இருக்கும் புரதம் தின்னும் நொதிகள், ஆக்டின் கயிறுகள் கட்டப்பட்டிருக்கும் தூண்களை அரித்துவிடுகின்றன. கை கயிற்றைப் பற்றியபடியே இருக்கிறது, தூண் இற்று விழுகிறது.